மில் எரிந்த பிறகு எழுதிய ஒன்றரைப் பக்கம்

களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட ஒரு சின்ன அரைக்கிற மில் நடத்துகிறேன். அரிசி மா, செத்தல் மிளகாய், சரக்கு எல்லாம் அரைப்போம், மா வறுத்தும் கொடுப்போம். இரண்டு அரைக்கும் மெசின், ஒரு வறுக்கும் மெசின், வேலைக்கு இரண்டு பேர். 2019இல் வங்கிக் கடன் எடுத்துத்தான் தொடங்கினேன். அந்தக் கடனுக்காகக் கொடுத்த திட்ட அறிக்கையின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஆபத்துகளைப் பற்றிய பகுதி இரண்டே வரி: "இயந்திரங்களுக்கும் கட்டடத்துக்கும் காப்புறுதி செய்யப்படும். எதிர்பாராச் செலவுக்கு மொத்தச் செலவில் 5% ஒதுக்கப்பட்டுள்ளது."

வங்கியில் யாரும் அந்த இரண்டு வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்காது. 2024இல் இரண்டாவது கடனுக்குப் போனபோது அதே பகுதியை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இடையில் என்ன நடந்தது என்பதையும் அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்கிறேன். மில், தச்சுப் பட்டறை, பேக்கரி, தையல் கடை என்று ஏதாவது நடத்துகிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும், போடுகிற முறை இதேதான்.

முதலில் அந்த 5%. அது மில் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது. மெசின் வைக்கும் அடித்தளத்துக்கு நினைத்ததை விடச் சீமெந்து கூடப் போனது, மூன்று பேஸ் கரண்ட் எடுக்க வயர் நீளம் கூடியது. அதற்குத்தான் அந்த 5% என்பதும் சரிதான். கட்டி முடிக்கும்போது கணக்கு பிசகினால் ஈடுகட்டுகிற பணம் அது. மில் ஓடத் தொடங்கிய பிறகு வருகிற இழப்புக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சாது. இரண்டும் வேறு வேறு பணம் என்பதை நான் அறிக்கையில் பிரித்து எழுதவில்லை, அதனால் பையிலும் பிரித்து வைக்கவில்லை.

2020 ஜூலை, கச்சான் காற்று அடிக்கிற காலம். ஒரு மத்தியானம் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் குறைந்து "ம்ம்ம்" என்று உறுமியது. வேலை செய்கிற தம்பி நிறுத்திவிட்டு மறுபடி போட்டான். திரும்பவும் உறுமியது, இன்னொரு முறை போட்டான். மூன்றாவது முறை வார்னிஷ் எரிகிற மணம் வந்தது. தெருக் கம்பியில் மரக்கொப்பு விழுந்து மூன்று பேஸில் ஒன்று போயிருக்கிறது. மீதி இரண்டு பேஸில் மோட்டர் இழுக்கப் பார்த்து, வைண்டிங் எரிந்துவிட்டது. 10 குதிரைவலு மோட்டர் அது. கல்முனைக்குக் கொண்டுபோய் மறுபடி சுற்றி எடுக்க 48,000 ரூபாய், ஆறு நாள்.

காப்புறுதி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் போனேன். தீக் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு பிரிவை எடுத்துக் காட்டினார்கள். மின் கோளாறாலோ, அளவுக்கு மீறி ஓடியதாலோ, தானாகச் சூடேறியதாலோ ஒரு மின் இயந்திரம் பழுதானால் அந்த இயந்திரத்துக்கு இழப்பீடு கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றப் பொருள் எரிந்தால் அந்தப் பொருளுக்கு உண்டு. என் மோட்டர் தனக்குள்ளேயே எரிந்தது, வெளியே ஒரு தீப்பொறி கூட வரவில்லை. இது பொதுவாகத் தீக் காப்புறுதிகளில் இருக்கிற பிரிவுதான், நான்தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மோட்டர் எரிவதற்கு உரியது இயந்திரப் பழுதுக் காப்புறுதி. அது தனிப் பத்திரம். அதிலும் தேய்மானத்தால் வருகிற பழுது சேராது. பெல்ட், சுத்தியல் தகடு, சல்லடை போன்ற தேய்ந்து போகிற சாமான்கள் சேராது. ஒவ்வொரு இழப்பிலும் முதல் பகுதியை நாமே ஏற்க வேண்டும், அதைக் கழிவுத் தொகை என்பார்கள். என் மில்லில் பழுதென்றால் பெரும்பாலும் பெயாரிங், பெல்ட், வருசத்தில் எப்போதாவது ஒரு வைண்டிங். இவற்றுக்காக ஆண்டுதோறும் கட்டுப்பணம் கட்டுவதை விட அந்தக் காசைச் சேர்த்து வைப்பதே மேல் என்று முடிவெடுத்தேன். எல்லோருக்கும் இந்த முடிவு பொருந்தாது. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நிறம் பிரிக்கிற மெசின் இருக்கிறது. அது ஒன்று நின்றால் ஆலையே நிற்கும், விலையும் சேமிப்பிலிருந்து தூக்கிக் கொடுக்கிற விலை இல்லை. அவர்களாக இருந்தால் இயந்திரப் பழுதுக் காப்புறுதி கட்டாயம் எடுப்பேன். சேமிப்பால் தாங்க முடிகிற இழப்பா, முடியாத இழப்பா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டர் திரும்பி வந்த அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட்டு, ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்துகிற ரிலே பொருத்தினேன். சில ஆயிரம் ரூபாய்தான். அதற்குப் பிறகு பேஸ் போய் மோட்டர் எரிந்ததில்லை.

அப்புறம் 2023 செப்டம்பர். வறுக்கும் மெசினுக்கு நாங்கள் விறகு எரிக்கிறோம். அன்றைக்குக் காத்தான்குடிக் கடைகளுக்கு மா கொடுக்க வேண்டியிருந்ததால் இரவு எட்டரை வரைக்கும் வறுத்தோம். தணலுக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஆனால் அடுப்பிலிருந்து நாலு முழத்தில் மறுநாளுக்கான விறகும் வெறும் சாக்குகளும் கிடந்தன. அடியில் இருந்த தணல் எப்போது பற்றியது என்று தெரியாது. ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். ஊர்ச்சனம் கிணற்றுத் தண்ணீர் அள்ளி அணைத்தார்கள். வறுக்கும் மெசின், ஒரு அரைக்கும் மெசின், ஸ்டார்ட்டர் பெட்டி, வயரிங் எல்லாம் போய்விட்டன. கூரைத் தகடு கொஞ்சம் போனது. மற்ற மெசின் தப்பியது.

இழப்பு மதிப்பீட்டாளர் கொழும்பிலிருந்து ஐந்தாம் நாள் வந்தார், வயதானவர், நல்ல தமிழ். எரிந்ததைப் பார்த்து முடித்துவிட்டு, எரியாத மெசினின் விலையையும் கேட்டார். "ஐயா, அது எரியல்லையே" என்றேன். "தெரியும் தங்கச்சி. எல்லாத்தையும் புதுசா வாங்க இன்றைக்கு எவ்வளவு வேணும் என்று பார்த்தால்தான் கணக்கு முடியும்" என்றார். அப்போதுதான் சராசரி விதி என்கிற சொல்லை முதல்முதலில் கேட்டேன்.

விசயம் இதுதான். 2019இல் மெசின்கள் எல்லாவற்றையும் 12 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தேன், அன்றைக்கு அது சரியான விலை. ஒவ்வொரு வருசமும் அதே தொகைக்கே புதுப்பித்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியது. மோட்டர், இரும்பு, செம்பு வயர் எல்லாம் விலை ஏறின. 2023இல் அதே மெசின்களைப் புதிதாக வாங்க 24 இலட்சம் வேண்டும். அதாவது உள்ள பெறுமதியில் பாதிக்குத்தான் நான் காப்புறுதி செய்திருக்கிறேன். மீதிப் பாதிக்கு நானே காப்புறுதிக்காரி என்று சராசரி விதி எடுத்துக்கொள்ளும். எரிந்ததோ 720,000 ரூபாய்க்குரிய மெசின்கள். அது 12 இலட்சத்துக்குள்ளேதானே இருக்கிறது, முழுதாகக் கிடைக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். 12ஐ 24ஆல் வகுத்து 720,000ஆல் பெருக்கினார்கள், 360,000. அதில் பத்து வீதம் கழிவு, 36,000. கைக்கு வந்தது 324,000.

இதை எழுதுவதன் முக்கியக் காரணமே இந்தக் கணக்குத்தான். தொகையை ஏற்றாமல் விட்டதால் வருசத்துக்குச் சில ஆயிரம் கட்டுப்பணம் மிச்சம் என்று நினைத்தேன், அந்த ஒரு இரவில் 324,000 ரூபாயை இழந்தேன். தொகை சரியாக இருந்திருந்தால் கழிவு போக 648,000 கிடைத்திருக்கும். புதுப்பிக்கும் கடிதம் வரும்போது போன வருசத்துத் தொகை அதில் அச்சடித்தே வரும், கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கையெழுத்துக்கு முன், மெசின் விற்கிற கடையில் அந்த மாதத்து விலைமதிப்பு ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பத்திரம் புதிய விலைக்கு ஈடு தருவதா, பழசானதற்குக் கழித்துத் தருவதா என்பதையும் பாருங்கள். என்னுடையது புதிய விலைக்கு. கழித்துத் தருகிற பத்திரமாக இருந்தால் ஒப்பிட வேண்டியது மெசினின் இன்றைய நிலைக்குரிய பெறுமதியை.

பணத்தை விட மனதுக்குக் கஷ்டமானது இன்னொன்று. அன்றைக்குப் பதினொரு பேருடைய மிளகாய் அரைப்பதற்காக மில்லில் கிடந்தது. படுவான்கரையிலிருந்து துறை கடந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். மொத்தம் 140 கிலோ அளவில், அன்றைய விலைக்கு 182,000 ரூபாய். என் பத்திரத்தில் சரக்கு என்று இருந்தது என்னுடைய சரக்கு மட்டும். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளும் சேரும் என்று பத்திரத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, கிடைக்கவில்லை. ஒருவர் கூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு வயதான அம்மா, "உனக்கு வந்த கஷ்டத்தில எனக்கு என்ன மகள்" என்று சொல்லிவிட்டுப் போனா. ஆனால் அவவின் நாலு கிலோ மிளகாய் அவவின் மாதச் சாமான். எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்குள் கொடுத்து முடித்தேன். அரைக்கிற மில், தையல் கடை, சைக்கிள் திருத்துகிற இடம், லோண்டரி என்று மற்றவருடைய பொருள் இரவில் தங்குகிற எந்தத் தொழிலுக்கும் இந்த வரி வேண்டும். நான் கேட்டபோது கட்டுப்பணம் பெரிதாகக் கூடவும் இல்லை.

காப்புறுதிப் பணம் தீப்பிடித்த 118ஆம் நாள் வந்தது. நிறுவனம் வேண்டுமென்று இழுத்தடித்தது என்று சொல்ல மாட்டேன். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி மறுநாளே எடுத்துவிட்டேன். வறுக்கும் மெசினைப் பழசாக வாங்கியிருந்தேன், பற்றுச்சீட்டு இல்லை. விற்றவரைத் தேடிக் கடிதம் வாங்க மூன்று வாரம். திருத்துவதற்கான விலைமதிப்பு இரண்டு கேட்டார்கள், ஒன்றுதான் கொடுத்திருந்தேன். அப்புறம் காசோலை என் பெயருக்கு வரவில்லை, பத்திரம் வங்கிக்கு உரித்தாக்கப்பட்டிருந்ததால் வங்கிக்குப் போனது. நிலுவைத் தவணைக்கு எடுக்காமல் மெசின் வாங்க விடுங்கள் என்று கடிதம் கொடுத்து அதற்கும் பத்து நாள். இந்தக் காலம் முழுக்கச் சம்பளம், தவணை, வயரிங் செலவு எல்லாம் என் நகையை அடகு வைத்துத்தான் நடந்தது. தப்பிய மெசினை 24ஆம் நாள் ஓடவிட்டோம், அதனால்தான் மில் பிழைத்தது.

களவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு நேரவில்லை. ஆரையம்பதியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிற என் மச்சாளின் மகனுக்கு நேர்ந்தது. கை மெசின்கள் நாலு போயின. பூட்டு உடையவில்லை, ஜன்னல் நெளியவில்லை, யாரோ திறப்பு வைத்துத் திறந்திருக்கிறார்கள். அவனுடைய பத்திரம் உடைத்து நுழைந்த களவுக்கு மட்டும். வேலைக்காரர் எடுத்தாலும் அதில் சேராது. பொலிசில் பதிந்தும் பயனில்லை. அதனால் களவுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், அடையாளம் இல்லாமல் போகக்கூடிய கைச்சாமானின் பெறுமதியைச் சேமிப்புப் பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும்.

சரி, 2024இல் எழுதிய பகுதிக்கு வருகிறேன். தீ, களவு, பழுது என்று மூன்று தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன். அதிகமாகப் போனால் எவ்வளவு இழப்பு? அதில் காப்புறுதி தருவது எவ்வளவு? நான் ஏற்பது எவ்வளவு? காப்புறுதிப் பணம் வரும்வரை எத்தனை நாள், அந்த நாட்களில் என்ன செலவு? கடைசிக் கேள்விதான் முழுப் பகுதியையும் மாற்றியது. காப்புறுதி இழப்பைத் திருப்பித் தரும், ஆனால் அந்த 118 நாளைக் கடப்பதற்குக் கையில் பணம் வேண்டும்.

கணக்கு இப்படிப் போனது. மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் போகிற காசு: இரண்டு பேர் சம்பளம் 70,000, கடன் தவணை 46,000, கரண்ட் நிலையான கட்டணம் முதலான சில்லறை 9,000. ஆக 125,000. தீப்பிடித்தால் ஒரு மாதம் முழுதாக நிற்கும் என்று வைத்தேன், 24 நாள் நின்ற அனுபவம் இருக்கிறது. தப்பியதை ஓட வைக்கத் தேவையான உடனடித் திருத்தம், அதாவது வயரிங், ஸ்டார்ட்டர், கூரை, 140,000. போன முறை எரிந்த அளவுக்கே எரிந்தால் பத்து வீதக் கழிவு 72,000. மூன்றும் சேர்ந்து 337,000. மோட்டர் எரிந்தால் 48,000, ஆறு நாள் நிற்பதற்கு 25,000, ஆக 73,000. பூட்டு உடையாத களவுக்கு 60,000.

மூன்றையும் கூட்டவில்லை. எல்லாம் ஒரே மாதத்தில் வராது, அப்படிக் கூட்டினால் சேர்க்க முடியாத தொகை வரும், பிறகு சேர்க்கவே மாட்டோம். ஆகப் பெரியதையும் அடிக்கடி வருவதையும் மட்டும் கூட்டினேன். 337,000ஓடு 73,000, மொத்தம் 410,000. அதுதான் அவசரகால ஒதுக்கம்.

கடன் அதிகாரி இளம் பிள்ளை, கவனமாக வாசித்தார். "அக்கா, இந்த 410,000ஐயும் கடனிலேயே சேர்க்கலாமே" என்றார். சும்மா கிடக்கிற காசுக்கு வட்டி கட்ட எனக்கு விருப்பமில்லை. என்னிடமிருந்த 160,000ஐ முதலில் போட்டேன். மீதி 250,000க்கு, அரைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ரூபாய். நாளுக்குச் சராசரி 400 கிலோ, மாதம் 25 நாள், 10,000 ரூபாய். 25 மாதத்தில் நிரம்பும் என்று அறிக்கையில் எழுதினேன். வீதத்தில் எழுதியிருந்தால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது ஏதாவது சாக்கு வரும். கிலோவுக்கு ஒரு ரூபாய் என்றால் இரவு கல்லாவை மூடும்போதே எடுத்து வேறு டப்பாவில் போட்டுவிடலாம், தம்பிக்கும் அது பழகிவிட்டது.

பணம், கடன் இருக்கிற வங்கியில் இல்லை. தவணை பிந்தினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. வேறு வங்கியில் ஒரு இலட்சம் சாதாரண சேமிப்பில், மற்றது மூன்று மாத நிலையான வைப்பில். அறிக்கையில் ஒரு நிபந்தனையும் எழுதினேன்: தீ, களவு, பழுது தவிர வேறெதற்கும் எடுப்பதில்லை, எடுத்தால் நிரப்பும்வரை புது மெசின் வாங்குவதில்லை. தைப்பொங்கலுக்கு முன்பும் நோன்புக்கு முன்பும் மலிவாக அரிசி வரும், கை அரிக்கும். அதற்கு இந்தப் பணம் இல்லை.

காப்புறுதிப் பக்கத்தில் மெசின் தொகையை 24 இலட்சமாக ஏற்றினேன். கட்டடத்தையும் இன்றைய கட்டுச்செலவுக்கு மாற்றினேன். சரக்குத் தொகையைச் சராசரி மாதத்துக்கு வைக்காமல், நோன்புக்கு முன் மில் நிரம்பியிருக்கிற வாரத்துக்கு வைத்தேன். பிறர் பொருள் சேர்த்தேன். வெள்ளமும் புயலும் சேர்த்தேன், வெறும் தீக் காப்புறுதியில் அவை வராது. 1978 நவம்பர்ச் சூறாவளியை நேரில் கண்ட அம்மா வீட்டில் இருக்கும்போது அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுப்பணம் வருசத்துக்கு 17,000இலிருந்து 34,000 ஆனது. வறுக்கிறது விறகால் என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதினேன். எழுதாமல் விட்டால் கட்டுப்பணம் குறையும், ஆனால் மதிப்பீட்டாளர் அடுப்பைப் பார்த்த நிமிசமே முழு இழப்பீடும் கேள்விக்குள்ளாகும்.

விறகு இப்போது வெளியே தனிக் கொட்டிலில். அடுப்பு மூடிய பிறகு அரை மணி நேரம் ஒருவர் இருந்து பார்த்துவிட்டுத்தான் கதவு பூட்டுவது. பற்றுச்சீட்டுகள், மெசின் படங்கள், இலக்கத் தகடுகளின் படம், வயர்மேன் கொடுத்த சோதனைக் கடிதம் எல்லாம் ஒரு கோப்பில் வீட்டில், மில்லில் இல்லை. மிளகாய் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் பெயரும் கிலோவும் எழுதிய துண்டு, அதன் பிரதி என் புத்தகத்தில். அன்றைக்கு அந்தப் பதினொரு பேருக்கும் அவர்கள் சொன்ன கிலோவைத்தான் கொடுத்தேன், என்னிடம் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு ஒரு மெசினின் பெயாரிங் இறுகி அச்சும் தேய்ந்தது. 31,000 ரூபாய், மூன்று நாள். சேமிப்பிலிருந்து எடுத்தேன், நகை வீட்டிலேயே இருந்தது. மாதா மாதம் போடுகிற 10,000க்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அந்த 31,000ஐ மார்ச் கடைசியில் நிரப்பி முடித்தேன்.